இதுக்கும் அதுக்கும் நடுவே ஓர் உது

என் மாயாஜாலத் தொடரின் ஒன்பதாம் அத்தியாயம் நாலு மாதமாக நகராமல் கிடந்தது. கதை தெரியும், யார் சாகப்போகிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் அத்தியாயத்தின் முதல் பத்தியை எப்போது திறந்தாலும் எனக்கே கொட்டாவி வந்தது. அப்படி ஒன்றும் மோசமான பத்தி இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மறைக்காமல் இங்கே போடுகிறேன்:

"கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடந்த உப்புப் பாலையின் நடுவே, காலத்தில் உறைந்துபோன, மேகங்களை முத்தமிடும், பாலாய் வெளுத்த, மாபெரும் யாளியின் விலா எலும்புகள் வானளாவ உயர்ந்து நின்றன. மாறனின் காலடியில் உப்புப் பரல்கள் மின்னின. தூரத்தில், எலும்புகளின் அடியில், ஒரு கிழவி கழுதைகளோடு நின்றிருந்தாள். அவள் கண்களில் நீர் திரண்டிருந்தது."

காலடி இருக்கிறது, தூரம் இருக்கிறது, பின்னால் பிரம்மாண்டமான எலும்புக்கூடும் இருக்கிறது. முன்தளம், நடுத்தளம், பின்தளம் என்று எழுதும் கலை பற்றிப் பேசுகிறவர்கள் கேட்பதெல்லாம் இதில் இருக்கிறதே, பிறகு ஏன் சினிமா மாதிரி விரியவில்லை? இதுதான் என் புலம்பல். தீபாவளிக்கு போடிக்குப் போயிருந்தபோது, கூடப் படித்தவன் ஒருவனிடம் இந்தப் புலம்பலைக் கொட்டினேன். அவன் சென்னையில் மேட் பெயின்டிங் செய்கிறவன். பச்சைத் துணிக்கு முன்னால் கதாநாயகன் நின்று வசனம் பேசிவிட்டுப் போய்விடுவார். அவருக்குப் பின்னால் கோட்டையும் மலையும் கடலும் வரைந்து சேர்ப்பது இவன் வேலை. மொட்டைமாடியில் உட்கார்ந்து, என் போனை வாங்கி, பத்தியை இரண்டு தடவை படித்தான்.

"எவ்வளவு தூரம் மாப்ள?"

"எது?"

"எலும்புடா. இவன் நிக்கிற இடத்துலருந்து."

நான் யோசித்ததே இல்லை. வாய்க்கு வந்தபடி 6 கிலோமீட்டர் என்றேன். உயரம் கேட்டான். 300 மீட்டர் என்றேன். சொல்லும்போதே பெருமையாக இருந்தது; நூறு மாடிக் கட்டடத்தின் உயரம் அது.

"கையை முழுசா நீட்டு. கட்டைவிரலைத் தூக்கு. ஒரு கண்ணை மூடிக்கிட்டு அந்த டவரைப் பாரு."

நீட்டினேன். நீட்டிய கையில் கட்டைவிரலின் அகலம் நம் பார்வையில் ஏறக்குறைய இரண்டு டிகிரி. 6 கிலோமீட்டரில் நிற்கிற 300 மீட்டர் எலும்பு மூன்று டிகிரிகூட வராது. "ஒன்றரைக் கட்டைவிரல். அதான் உன் வானளாவ" என்றான். வானத்தில் பாதியை அடைக்க வேண்டுமென்றால் மாறன் அந்த எலும்பிலிருந்து 300 மீட்டரில் நிற்க வேண்டும். அப்படி நின்றால் எலும்புக்கூடு தெரியாது, ஒரு எலும்பு மட்டும்தான் தெரியும். இரண்டையும் ஒரே சட்டகத்தில் கேட்க முடியாது. முழு யாளியும் வேண்டுமா, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பது வேண்டுமா? முதலில் அதை முடிவுசெய் என்றான்.

அடுத்து கிழவியிடம் வந்தான். "எலும்புக்கு அடியில நிக்கிறான்னு எழுதியிருக்க. அப்ப அவளும் 6 கிலோமீட்டர். அங்கேருந்து கண்ணீர் தெரியுதா? இவன் என்ன கழுகா?" ஆறு கிலோமீட்டரில் மனுஷ உருவமே நல்ல கண்ணுக்கும் ஒரு புள்ளி தெரிந்தும் தெரியாததுமாக இருக்கும். ஒரு கிலோமீட்டருக்குள் வந்தால்தான் ஆள் ஆளாகவும் கழுதை கழுதையாகவும் தெரியும். முகம் அப்போதும் தெரியாது.

இந்தக் கணக்கையெல்லாம் வாசகர் கையில் அளவுகோலோடு சரிபார்க்கப் போவதில்லை என்று நான் சண்டை போட்டேன். அவன் சொன்னது இது: படம் பார்க்கிறவனும் அளப்பதில்லை, ஆனால் தப்பாக இருந்தால் கண்ணுக்கு உறுத்தும், ஏன் என்று சொல்லத் தெரியாது, 'சிஜி மாதிரி இருக்கு' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். என் பத்தியில் எனக்கு வந்த கொட்டாவியும் அந்த ரகம்தான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

நடுவில் இருந்த ஓட்டை

கோலமாவு டப்பாவை எடுத்துவந்து தரையில் ஒரு நீளச் செவ்வகம் போட்டான். குறுக்கே ஒரு கோடு. "இது அடிவானம். இவன் கண்ணு உயரம். தரை தட்டையா இருந்தா, இவன் கண்ணை விட உசரமா இருக்கறதெல்லாம் இந்தக் கோட்டைத் தாண்டி மேல போகும், குட்டையா இருக்கறது கோட்டுக்குக் கீழயே நிக்கும். எவ்வளவு தூரத்துல இருந்தாலும் சரி." பிறகு என் பத்தியை அதற்குள் வரைந்தான். செவ்வகத்தின் அடியில் நாலைந்து புள்ளிகள், அவை உப்புப் பரல்கள். கோட்டுக்கு மேலே ஏழு சின்ன வளைவுகள், அவை விலா எலும்புகள். இடையில் வெறும் சிமென்ட் தரை.

"ரெண்டடிக்கு அப்புறம் நேரா ஆறு கிலோமீட்டர். நடுவுல ஒண்ணுமே இல்லையேடா. ஊர் எங்க? தடம் எங்க?"

எனக்கு உறைத்தது அப்போதுதான். கிழவி நடுத்தளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைக் கொண்டுபோய்ப் பின்தளத்தில் நிறுத்தியிருக்கிறேன். முன்தளத்தையும் பின்தளத்தையும் எழுதுவது சுலபம். ஒன்று தொட்டுப் பார்க்கிற தூரம், மற்றது வாய் பிளக்கிற தூரம், இரண்டுக்கும் வார்த்தைகள் தானாக வரும். நடுவில் இருப்பதற்கு அந்த வசதி கிடையாது. ஆனால் பின்னால் இருப்பது எவ்வளவு பெரிது என்று சொல்லும் வேலை நடுவில் இருப்பதுதான் செய்கிறது. அவன் ஒரு ஊதுபத்திக் குச்சியை பூந்தொட்டி மண்ணில் செருகிக் காட்டினான். பத்து மீட்டரில் நட்ட அரை மீட்டர் குச்சியும் ஆறு கிலோமீட்டரில் நிற்கும் 300 மீட்டர் எலும்பும் கண்ணுக்கு ஒரே உயரம்தான். வகுத்துப் பார்த்தேன், சரியாக வந்தது. அப்படியானால் தனியாக நிற்கிற எலும்பு குச்சியாகவும் இருக்கலாம், மலையாகவும் இருக்கலாம். அளவு தெரிந்த ஏதோ ஒன்று இடையில் வந்து நிற்கிறவரை கண்ணுக்குத் துப்பு கிடையாது. ஒரு கழுதை போதும்.

சந்திரனில் இறங்கியவர்களுக்கே இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. 1971-ல் அப்போலோ 14-ல் போன இருவர் கோன் என்ற பெரும்பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேட்டில் ஏறினார்கள். எங்கே இருக்கிறோம் என்று பிடிபடாமல் திரும்பிவிட்டார்கள். விளிம்புக்குச் சில பத்து மீட்டர் பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அங்கே மரம் இல்லை, வீடு இல்லை, தொலைவை மங்கவைக்கக் காற்றும் இல்லை. கிட்டத்துப் பாறையும் தூரத்துப் பாறையும் ஒரே கூர்மையில் தெரியும். கழுதை இல்லாத ஊர்.

காலையில் ஒரு மலை, சாயங்காலம் நாலு மலை

காற்று என்று சொன்னதும் அவன் மேற்கே கையைக் காட்டினான். போடியில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கிழக்கிலிருந்து வெயில் நேராக மலைமேல் விழும்போது எல்லாம் ஒட்டிப்போய் ஒரே மலையாகத் தெரியும். மரம், பாறை, ரோடு என்று விவரங்கள் மட்டும் நிறைய இருக்கும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது அதே மலை பிரிந்துவிடும். முன்னால் கறுப்பாக ஒன்று, அதற்குப் பின்னால் கருநீலம், அதற்குப் பின்னால் சாம்பல் நீலம், கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று ஒன்று. நமக்கும் மலைக்கும் இடையே இருக்கிற காற்றும் தூசியும் ஒளியைச் சிதறடிக்கின்றன. தூரம் கூடக்கூட அந்தச் சிதறல் வெளிச்சம் கூடி இருட்டான பொருளை வெளுக்க வைக்கிறது. சூரியன் எதிரே இருக்கும்போது அது பளிச்சென்று தெரிகிறது.

"நீ எத்தனை மணிக்குடா எழுதியிருக்க?" என்றான். பரல்கள் மின்னுவதால் உச்சி வெயில் என்று நினைத்திருந்தேன். அது இன்னும் மோசம் என்றான். நீலமாக மங்குவது இருட்டான பொருள்தான். பாலாய் வெளுத்த எலும்பு தூரம் போனால் நீலமாகாது. அதிலிருந்து வருகிற நீல ஒளி வழியிலேயே சிதறிப்போவதால் லேசாகப் பழுப்பேறி மஞ்சளடித்துத் தெரியும். உச்சி வெயிலில், வெளுத்த வானத்துக்கு எதிரே, அந்த மஞ்சள் எலும்பு இருப்பதே தெரியாது. உப்புத் தரை சூடேறினால் கானல் வேறு வரும். எலும்புகளின் அடிப்பாகம் அழிந்து, தண்ணீருக்கு மேல் மிதப்பது மாதிரி இருக்கும். (இந்தக் கானலை நான் விடவில்லை. பதினான்காம் அத்தியாயத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.) அடுக்கு வேண்டுமானால் நேரத்தை மாற்று, சூரியனை எலும்புக்குப் பின்னால் கொண்டுபோ, வெள்ளை எலும்பைக் கறுப்பாக்கு என்றான். 'பாலாய் வெளுத்த' அன்றைக்கே போயிற்று.

உது

அவன் சொன்னது எல்லாம் படத்துக்குச் சரி. படத்தில் மூன்று தளமும் ஒரே கணத்தில் கண்ணில் விழுகின்றன. எழுத்தில் ஒவ்வொன்றாகத்தான் வரும், அதுவும் தமிழில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. நாம் அடைமொழிகளைப் பெயருக்கு முன்னால் அடுக்குகிறோம். 'காலத்தில் உறைந்துபோன, மேகங்களை முத்தமிடும், பாலாய் வெளுத்த, மாபெரும்' என்று மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டே போகிறேன், எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று வாசகருக்கு இன்னும் தெரியாது. 'எலும்புகள்' என்ற சொல் வந்தபிறகு மூட்டையை இறக்கி ஒவ்வொன்றையும் அதன்மேல் ஒட்டவைக்க வேண்டும். அதற்குள் அவர் களைத்துவிடுகிறார். தளம் கட்டுவதற்கு வாக்கியத்தின் தொடக்கத்திலேயே இடம் வேண்டும். 'பாத்தி விளிம்பில்', 'அதைத் தாண்டி', 'அதற்கும் அந்தப் பக்கம்' என்று முதலில் வாசகர் கண்ணை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு அங்கே பொருளை வைக்கலாம். அடைமொழியைக் குறைத்து வினைமுற்றைக் கூட்டினாலே பாதி வேலை முடிந்தது.

அதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான், முன்பு கூட வேலைபார்த்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் நினைவுக்கு வந்தார். என் மேசைமேல் இருக்கிற பொருளைக் காட்டி "உதென்ன?" என்பார். "உதை ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்பார். அவர் கையில் இருப்பது இது, ஜன்னலுக்கு வெளியே இருப்பது அது, என் பக்கத்தில் இருப்பது உது. தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது. பழைய பாட்டுகளில் 'உதுக்காண்' என்று வரும். கிட்டத்துக்கு இகரம், தூரத்துக்கு அகரம், இடைப்பட்டதற்கு உகரம். தமிழ்நாட்டுப் பேச்சில் முதல் இரண்டை வைத்துக்கொண்டு நடுவில் இருந்ததைத் தொலைத்துவிட்டோம். என் பத்தியிலும் அதேதான் தொலைந்திருந்தது. பேச்சில் உகரம் போனதால்தான் நான் நடுத்தளத்தை மறந்தேன் என்று சொன்னால் அது அபத்தம். ஆனாலும் அன்றிரவு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டு இ, உ, அ என்று எழுதிக்கொண்டேன். அவனுடைய கம்ப்யூட்டரில் எஃப்ஜி, எம்ஜி, பிஜி என்று இருப்பதை விட இது எனக்கு நன்றாக வேலை செய்தது.

இகரக் கட்டத்தில் தொடுவது, முகர்வது, நாக்கில் படுவது. ஒரே ஒரு பொருள், ஆனால் மிகக் கிட்டத்தில். அகரக் கட்டத்தில் கண் மட்டும்: வடிவம், ஒரு நிறம், அவ்வளவுதான், விவரம் எழுதினால் அது உடனே கிட்டே வந்துவிடும். உகரக் கட்டத்தில் செயல். யாராவது ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், தூரத்திலிருந்து பார்த்தால் புரிகிற மாதிரி.

கிழவியை 800 மீட்டருக்குக் கொண்டுவந்தேன். முகம் தெரியாது, ஆகவே கண்ணீர் கிடையாது. அவள் அழுகிறாள் என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் இதிலேயே போனது. வழி காட்டியது ஒலி. சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 800 மீட்டரிலிருந்து வந்துசேர இரண்டு நொடிக்குமேல் ஆகும். எங்கள் ஊர் ஆற்றங்கரையில் துவைக்கிறவரைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், துணி கல்லில் விழும், கை மேலே போகும், அப்புறம்தான் 'தொம்' வரும். கிழவியை இரும்பு முளை அடிக்க வைத்தேன்.

எந்த வரிசையில் எழுதுவது என்பதிலும் தடுமாற்றம் இருந்தது. முன், நடு, பின் என்று ஒழுங்காக நடந்தால் அது பட்டியல் ஆகிவிடுகிறது. இகரத்தில் தொடங்கி, அகரத்துக்கு ஒரு தாவு தாவி, திரும்பி உகரத்தில் வந்து தங்கினேன். கடைசியாக நின்ற பத்தி இது:

"மாறன் பாத்தி விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்தான். உப்பு வாரும் பலகை ஒன்று முறிந்து மண்ணில் செருகிக் கிடந்தது. கை பிடித்துப் பிடித்துக் காம்பில் ஓரிடம் மட்டும் வழவழத்துக் கறுத்திருந்தது. விரல் வைத்தான், பிசுபிசுத்தது. அந்தக் காம்புக்குப் பக்கத்தில், அடிவானத்தில், அதே உயரத்துக்கு இன்னொரு காம்பு நின்றது. அதற்கடுத்து ஒன்று. எண்ணினான், ஏழு. ஏழும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. பாத்திகளைத் தாண்டி உப்புத் தடம் அவற்றை நோக்கி ஓடியது. தடத்தில் கழுதைக் கூட்டம் ஒன்று, அதற்கப்பால் விரலளவில் ஒன்று, அதற்கும் அப்பால் தூசி மட்டும். தூசி முதல் காம்பின் அடியை எட்டுமுன்பே கண்ணுக்குத் தேய்ந்துபோனது. அப்போதுதான் அவை காம்புகள் இல்லை என்று புரிந்தது. முதல் கூட்டத்தின் அருகே ஒரு கிழவி முளை அடித்துக்கொண்டிருந்தாள். கல் இறங்கும், கை ஏறும், பிறகு சத்தம் வரும். திடீரென்று கல்லைக் கீழே போட்டுவிட்டு முழங்காலில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தபிறகு, கடைசி அடியின் சத்தம் அவனிடம் வந்துசேர்ந்தது."

மாறனை உட்காரவைத்ததும் என் நண்பனின் யோசனைதான். நின்றால் கண் உயரம் ஒன்றரை மீட்டருக்குமேல், முறிந்த காம்பு அடிவானக் கோட்டுக்குக் கீழே போய்விடும். உட்கார்ந்தால்தான், கோடு இறங்கி, காம்பும் எலும்பும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

அடுத்த பத்தியில் மாறன் எழுந்து நடக்கிறான், அங்கேயும் ஒரு தப்பு செய்திருந்தேன்: நடக்க நடக்க எலும்புகள் 'நெருங்கி வந்தன' என்று. 1937-ல் டிஸ்னி ஸ்டூடியோவில் படங்களைத் தனித்தனிக் கண்ணாடித் தகடுகளில் வரைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இடைவெளி விட்டு அடுக்கி, மேலிருந்து கேமராவில் எடுத்தார்கள். ஒரே தாளில் வரைந்த படத்தை நோக்கிக் கேமரா போனால் மரம் பெரிதாகிற அதே கணக்கில் நிலாவும் பெரிதாகிவிடும் என்பதுதான் அவர்களுடைய தலைவலி. நடந்து போகும்போது நிலா வளருவதில்லையே. தகடுகளைப் பிரித்ததும் மரத்தை மட்டும் நகர்த்த முடிந்தது. மாறன் நூறு தப்படி நடந்தால் பாத்திகள் பின்னால் ஓட வேண்டும், கழுதைகள் கொஞ்சம் வளர வேண்டும், ஏழு எலும்புகளும் அசையவே கூடாது. 'நடந்துகொண்டே இருந்தான். எலும்புகள் அப்படியே நின்றன' என்று மாற்றினேன். அதைப் படிக்கும்போது தூரம் எனக்கே காலில் வலித்தது.

எல்லாவற்றையும் சேர்த்து அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது.

"கிழவி சூப்பர். கழுதை நிழல் எந்தப் பக்கம் விழுது?"

சூரியன் எலும்புகளுக்குப் பின்னால் என்றால் நிழல் எல்லாம் மாறனைப் பார்த்துத்தான் நீண்டு வர வேண்டும். எழுதவே இல்லை. சூரியன் ஒன்றரைக் கட்டைவிரல் உயரத்துக்கு இறங்கும்போது எலும்பு நுனியின் நிழல் சரியாக மாறன் காலுக்கு வரும் என்று கணக்குப் போட்டு, துள்ளிக் குதித்துக்கொண்டு அவனுக்கு அனுப்பினேன். ஆறு கிலோமீட்டர் நிழல்! அத்தியாயத்தின் முடிவே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"வரும்டா. ஆனா எலும்பு எவ்வளவு தடிமன்? அந்தத் தூரத்துல சூரியனை முழுசா மறைக்கணும்னா 55 மீட்டராவது இருக்கணும். இல்லன்னா நிழல் கால்ல விழாது, வெளிச்சம் லேசா மங்கும், அவ்வளவுதான்."

இன்னும் பதில் போடவில்லை. தடிமனை நான் யோசித்திருக்கவே இல்லை.